பகல் வெளிச்சத்துல டிவி: விவிட் மோடா, ஸ்டாண்டர்டா, மூவி மோடா?

மத்தியானம் ரெண்டு மணிக்கு எங்க ஹால்ல படம் போட்டா, நைட் சீன் வந்தவுடனே ஹீரோ காணாம போயிடுவாரு. அவர் இருந்த இடத்துல சோஃபாவுல உக்காந்திருக்கற எங்கப்பா தெரிவாரு, அவருக்குப் பின்னாடி ஜன்னல், ஜன்னல் கம்பி, கம்பியில காயற துண்டு, எல்லாம் அச்சு அசலா. "ஏன்டா, இது டிவியா இல்ல மொகம் பாக்கற கண்ணாடியா"ன்னு அப்பா கேட்டாரு. பளபள ஸ்க்ரீன் வாங்குனது நான்தான், அதனால பதில் சொல்ற பொறுப்பும் எனக்குத்தான்னு செட்டிங்ஸ் மெனுவுக்குள்ள போனேன்.

முதல்ல எல்லாரும் பண்ற தப்பைத்தான் நானும் பண்ணேன். Brightness-னு ஒண்ணு இருந்துச்சு, 50ல இருந்ததை 65க்கு ஏத்தி விட்டேன். இருட்டு சீன்ல ஆள் தெரிஞ்சாரு, ஆனா புகைமூட்டத்துக்குள்ள நிக்கற மாதிரி. கறுப்பு எல்லாம் சாம்பல், சாம்பல் எல்லாம் இன்னும் வெளிறின சாம்பல். அடுத்து ரிமோட்ல விவிட் மோடை அமுக்கினேன், அப்பாவுக்கு ஒரே சந்தோஷம், "இப்ப பாரு, இதை விட்டுட்டு என்னத்த நோண்டிட்டு இருந்த"ன்னாரு. பத்து நிமிஷம் கழிச்சு நியூஸ் வாசிக்கறவங்க மூஞ்சி தக்காளி மாதிரி இருக்கு, புல்லு பச்சை பெயின்ட் அடிச்ச மாதிரி இருக்குன்னு அவரே சொல்ல ஆரம்பிச்சாரு.

அதுக்கப்புறம்தான் உக்காந்து யோசிச்சேன், இந்த ரிஃப்ளெக்ஷன் படத்துக்கு உண்மையில என்ன பண்ணுது? விஷயம் ரொம்ப சிம்பிள். ஸ்க்ரீன்ல பட்டுத் திரும்பற வெளிச்சம் படத்தோட வெளிச்சத்துமேல அப்படியே கூடுது. வெள்ளை மேலயும் கூடுது, கறுப்பு மேலயும் அதே அளவு கூடுது. வெள்ளைக்கு அது ஒரு பொருட்டே இல்ல, லட்சாதிபதிக்கு நூறு ரூபா கிடைச்ச மாதிரி. கையில அஞ்சு ரூபா இருக்கறவனுக்கு அதே நூறு ரூபாதான் ஜாதகத்தையே மாத்துது. அதனால பகல்ல நாம தொலைக்கறது பிரகாசமான சீனை இல்ல, இருட்டுக்குள்ள இருக்கற வித்தியாசங்களைத்தான். கறுப்புச் சுவர் முன்னாடி கறுப்புச் சட்டை போட்டு ஒருத்தர் நிக்கறாருன்னா, அந்த சட்டைக்கும் சுவருக்கும் நடுவுல இருக்கற வித்தியாசம்தான் முதல்ல சாகும்.

ஒரே ஒரு கணக்கு மட்டும் போட்டுப் பாத்துடலாம், பயப்படாதீங்க. ஸ்க்ரீன் வெளிச்சத்தை நிட்ஸ்னு அளப்பாங்க. காமாங்கறது கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவுல இருக்கற சாம்பலெல்லாம் எவ்வளவு இருட்டா தெரியணும்னு சொல்ற நம்பர், நம்பர் ஏறினா இருட்டு கூடும். ராத்திரி லைட் அணைச்சுட்டு படம் பாக்க செட் பண்ண டிவியில வெள்ளை கிட்டத்தட்ட 100 நிட்ஸ், காமா 2.4னு வெச்சுக்கோங்க. டிவிக்கு வர்ற சிக்னல்ல கறுப்பு 0, வெள்ளை 100ன்னா அந்த கறுப்புச் சட்டை 20 சதவீதம்னு எடுத்தா ஸ்க்ரீன்ல அது வெறும் 2 நிட்ஸ்தான் வரும். இப்ப பகல், எதிர்ல வெள்ளைச் சுவர், அது 150 நிட்ஸ் இருக்கு, ஸ்க்ரீன் அதுல 2 சதவீதம் திருப்பி அனுப்புதுன்னா 3 நிட்ஸ் மேல வந்து உக்காருது. சுத்தக் கறுப்பு 3, சட்டை 5. ராத்திரி பளிச்சுனு தெரிஞ்ச வித்தியாசம் இப்ப ரெண்டு மடங்கு கூட இல்ல.

பேக்லைட்டை, அதாவது பேனலுக்குப் பின்னாடி எரியற விளக்கை, ஏத்தி வெள்ளையை 300 நிட்ஸுக்குக் கொண்டு போனா சட்டை 6 நிட்ஸ் ஆகுது, ரிஃப்ளெக்ஷனோட சேத்து 9, கறுப்பு அதே 3. மூணு மடங்கு வித்தியாசம். அதோட காமாவை 1.9க்கு இறக்கினா சட்டை 14 நிட்ஸ், சேத்து 17, கறுப்பு அப்பவும் 3தான். கிட்டத்தட்ட ஆறு மடங்கு. நான் முதல்ல பண்ண மாதிரி Brightness-ஐ ஏத்தினா மட்டும் சட்டையோட சேந்து கறுப்பும் ஏறிடுது, அதாவது ரிஃப்ளெக்ஷன் பண்ற அதே வேலையை நாமளே ரிமோட்டால இன்னொரு தடவை பண்றோம்.

இங்க பேர்க் குழப்பம் ஒண்ணு இருக்கு, இதுல மாட்டாத ஆளே இல்ல. சில டிவியில Brightness-னா கறுப்போட மட்டம். சில டிவியில, அதுவும் இப்ப வர்ற பல மாடல்ல, Brightness-னாலே பேக்லைட்டுதான், கறுப்பு மட்டத்துக்கு Black Level இல்ல Shadow Detail-னு வேற பேர் வெச்சிருப்பாங்க. ஓஎல்இடியில ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்றதால பேக்லைட்டே கிடையாது, அங்க OLED Light இல்ல OLED Pixel Brightness-னு இருக்கும். கண்டுபிடிக்க சுலபமான வழி, மேலயும் கீழயும் கறுப்புப் பட்டை வர்ற படம் ஒண்ணை ராத்திரி போட்டு ஸ்லைடரை ஏத்துங்க. படத்துல இருக்கற வெள்ளை நல்லா பளிச்சுனு ஏறினா அது பேக்லைட், வெள்ளை அப்படியே இருக்க பட்டை மட்டும் சாம்பலாச்சுன்னா அது கறுப்பு மட்டம், அதைத் தொடாம பழைய நம்பருக்கே திருப்பிடுங்க.

சரி, இப்ப மூணு சாய்ஸுக்கு வருவோம்.

விவிட், சில டிவியில டைனமிக்னு பேர். இதுல நல்லது ஒண்ணே ஒண்ணு, பேக்லைட் முழுசா ஏறிடும், கலர் டெம்பரேச்சர் நீலப் பக்கம் போயிடறதால பேனலோட முழு வெளிச்சமும் வெளிய வரும், அதனால கடையில டிவி வரிசையில நிக்கறப்ப கண்ணு அங்கதான் போகும். ஆனா கூடவே டைனமிக் கான்ட்ராஸ்ட்னு ஒண்ணை மேக்சிமத்துல வெச்சிருப்பான், அது பல டிவியில இருட்டை இன்னும் இருட்டாக்கி வெளிச்சத்தை இன்னும் வெளிச்சமாக்கும். பகல்ல நமக்கு வேண்டியதுக்கு நேர் எதிர். நம்ம கறுப்புச் சட்டை 300 நிட்ஸ் ஸ்க்ரீன்லயும் திரும்ப கறுப்புச் சுவருக்குள்ளயே போயிடும். டிவி பயங்கர பிரகாசமா இருக்கும், ஆனா நைட் சீன் மட்டும் தெரியாது, அப்ப என்னடா இதுன்னு மண்டையைப் பிச்சுக்குவோம். வெள்ளை மேகத்துல இருக்கற மடிப்பெல்லாம் அழிஞ்சு ஒரே வெள்ளைத் திட்டா தெரியறதும் இதோட வேலைதான். ஷார்ப்னஸ் ஏறிப் போய் எழுத்தைச் சுத்தி வெள்ளைக் கோடு வர்றது தனி எரிச்சல்.

ஸ்டாண்டர்ட் மோட் பரவால்ல ரகம். டப்பாவுல இருந்து எடுத்தவுடனே இதுலதான் இருக்கும், பெரும்பாலும் பவர் சேவிங்கும் ஆன்ல இருக்கும், அதனாலதான் புது டிவி பகல்ல மங்கலா இருக்குன்னு பாதிப் பேர் புலம்பறாங்க. நீங்க எதையும் தொடறதுக்கு முன்னாடி அந்த பவர் சேவிங், ஈகோ, ஆட்டோ பிரைட்னஸ் எல்லாத்தையும் ஆஃப் பண்ணுங்க. அது ஆன்ல இருந்தா நீங்க பேக்லைட்டை 100 வெச்சாலும் அது தன் இஷ்டத்துக்கு இறக்கிக்கிட்டே இருக்கும், நீங்க பண்ற எந்த சோதனைக்கும் அர்த்தம் இருக்காது. அதை அணைச்சு, பேக்லைட்டை ஏத்தி, டைனமிக் கான்ட்ராஸ்டை ஆஃப் இல்ல லோல வெச்சு, கலர் டெம்பரேச்சரை வார்ம் பக்கம் ஒரு படி நகர்த்தினா மேட்ச், நியூஸ், சீரியலுக்கு இதுவே போதும். மேட்ச்சுல எப்படியும் முழு ஸ்க்ரீனும் வெளிச்சம்தான், இருட்டு மூலையே கிடையாது, அங்க காமாவை நோண்டி ஒரு லாபமும் இல்ல.

மூணாவது மூவி மோட், சினிமா மோட், இல்ல ஃபிலிம்மேக்கர் மோட். இதைச் சொன்னாலே "அது மஞ்சளா மங்கலா இருக்குமே, ராத்திரிக்குத்தானே"ன்னு கேப்பாங்க. பாதி சரி. அதை இருட்டு ரூமுக்குன்னுதான் செட் பண்ணிக் குடுக்கறாங்க, பேக்லைட் கம்மி, காமா 2.4 இல்ல அதுக்குக் கிட்டத்தட்ட சமமான BT.1886ங்கற செட்டிங். ஆனா அந்த ரெண்டும் மாத்தக் கூடிய ஸ்லைடர்தானே, பூட்டா போட்டிருக்கு? பேக்லைட்டை மேக்சிமம் கொண்டு போங்க, காமாவை 2.2க்கும் அப்பவும் பத்தலைன்னா 1.9க்கும் இறக்குங்க. சில டிவியில காமாவுக்கு இந்த மாதிரி நம்பர் இருக்காது, -3ல இருந்து +3 வரைக்கும் இருக்கும், அதுல பிளஸ் பக்கம் போனா இருட்டு வெளுக்கும், சந்தேகமா இருந்தா எந்தப் பக்கம் நகர்த்தினா நைட் சீன் திறக்குதுன்னு கண்ணால பாத்தே முடிவு பண்ணுங்க. இது முடிஞ்சவுடனே விவிட் கிட்டத்தட்ட எவ்வளவு வெளிச்சமோ அவ்வளவும் வந்துடும், மூஞ்சி மட்டும் மூஞ்சி கலர்லயே இருக்கும்.

மஞ்சள் விஷயம், அது பாதி பழக்கம்தான். ஜன்னல் வழியா வர்ற பகல் வெளிச்சமும் வார்ம் செட்டிங் குறி வெக்கற வெள்ளையும் ஒண்ணுக்கொண்ணு ரொம்ப தூரம் இல்ல, நீலமா பாத்துப் பழகின கண்ணுக்கு ரெண்டு மூணு நாள் மஞ்சளாத் தெரியும், அப்புறம் பழைய செட்டிங்தான் நீலமாத் தெரியும். வீட்டுல ஒத்துக்கலைன்னா Warm 2ல இருந்து Warm 1க்கு வந்துடுங்க, குடும்ப அமைதி முக்கியம்.

கலர் ஸ்லைடரை மூவி மோட்ல தொடவே கூடாதுன்னு சில பேர் சத்தியம் பண்ணுவாங்க. ராத்திரிக்கு சரி. பகல்ல ரிஃப்ளெக்ஷன் வெள்ளை வெளிச்சமாத்தான் மேல வந்து படியுது, சிவப்புல வெள்ளையைக் கலந்தா ரோஸ் ஆகற மாதிரி எல்லா கலரும் வெளுத்துப் போகுது, அதனால 50ல இருக்கறதை 55 வரைக்கும் ஏத்தறது ஏமாத்து வேலை இல்ல, தொலைஞ்சதைத் திருப்பி வாங்கறதுதான். 60 தாண்டினா தக்காளி மூஞ்சி திரும்ப வரும்.

இதெல்லாம் பண்ணப்புறம் எங்க ஹால்ல நைட் சீன்ல ஹீரோ திரும்பி வந்தாரு. முழுசா இல்ல, முக்கால்வாசி. ஜன்னல் விழற அந்த ஒரு சதுரத்துல மட்டும் ஒண்ணுமே தெரியல. அது ஏன்னு அதே கணக்கைத் திரும்பப் போட்டா புரிஞ்சிடும். ஜன்னல்ல தெரியற வானம் சுவர் மாதிரி 150 நிட்ஸ் இல்ல, சாதாரணமாவே ஆயிரக்கணக்குல இருக்கும். 3000னு வெச்சா 2 சதவீதம் 60 நிட்ஸ். இப்ப கறுப்பு 60, பழைய ராத்திரி செட்டிங்ல சட்டை 62, கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான். நாம பாடுபட்டு ஏத்தின பகல் செட்டிங்ல 74. ஏதோ நிழல் அசையுதுன்னு தெரியும், அவ்வளவுதான். அதாவது ரூம்ல பொதுவா பரவி இருக்கற வெளிச்சத்தை செட்டிங் ஜெயிக்கும், ஜன்னலே நேரா கண்ணாடி மாதிரி விழுந்தா எந்த மோடும் ஜெயிக்காது.

உங்களுது எந்த வகைன்னு பாக்க, நீங்க வழக்கமா டிவி பாக்கற நேரத்துல டிவியை ஆஃப் பண்ணிட்டு வழக்கமா உக்கார்ற இடத்துல உக்காந்து ஸ்க்ரீனைப் பாருங்க. மங்கலா சாம்பலா மூட்டமா தெரிஞ்சா செட்டிங்ஸே போதும். ஜன்னல் வடிவம் விளிம்போட தெளிவா தெரிஞ்சா செட்டிங்ஸை விட்டுட்டு எழுந்திரிங்க. டிவியை ஸ்டாண்டுல கொஞ்சம் திருப்பினாலே, கண்ணாடி விதிப்படி அது திரும்பற கோணத்துக்கு ரெண்டு மடங்கு ரிஃப்ளெக்ஷன் நகரும், எட்டு பத்து டிகிரி திருப்பி நான் ஜன்னலை ஸ்க்ரீன் விட்டே வெளிய தள்ளிட்டேன், இப்ப அங்க தெரியறது பக்கவாட்டுச் சுவர். சுவர்ல ஒட்டி மாட்டியிருந்தா கர்ட்டனை அந்த ஒரு ஜன்னலுக்கு மட்டும் இழுத்து விடறது தவிர வேற வழி இல்ல. ஜன்னல் பக்கவாட்டுல இருக்கறவங்களுக்கு இந்தப் பிரச்சனை பெரும்பாலும் வராது, உக்கார்ற இடத்துக்கு முதுகுப் பக்கம் இருக்கறவங்கதான் பாவம்.

இன்னொரு இடத்துல நான் நல்லா ஏமாந்தேன், அதையும் சொல்லிடறேன். பகல் செட்டிங் எல்லாம் பக்காவா வெச்சுட்டு ஒரு புது சீரிஸ் போட்டா திரும்ப இருட்டு. ஒரு அரை மணி நேரம் மெனுவுல தேடினேன். பாத்தா அது எச்டிஆர், அதாவது சாதாரண படத்தைவிட அதிக பிரகாசத்துக்கும் ஆழமான இருட்டுக்கும் இடம் குடுக்கற சிக்னல். எச்டிஆர் வந்தவுடனே டிவி தனியா வேற ஒரு செட் செட்டிங்ஸுக்கு மாறிடுது, நீங்க சாதாரண சிக்னலுக்கு வெச்ச காமா, கலர் எதுவும் அங்க இருக்காது. அதைவிட பெரிய விஷயம், சாதாரண படத்துல பேக்லைட்டை ஏத்தினா மொத்த படமும் ஏறும், எச்டிஆர்ல எந்த இடம் எத்தனை நிட்ஸ் இருக்கணும்னு படத்துலயே எழுதி அனுப்பிடறாங்க, பேக்லைட்டும் ஏற்கனவே மேக்சிமத்துல நிக்கும், இதுக்கு மேல ஏத்த இடமே இல்ல. சாதாரண வெள்ளைப் பரப்புக்கு எச்டிஆர்ல வெக்கற குறி 203 நிட்ஸ், இருட்டு ரூமை மனசுல வெச்சு வெச்சது. நம்ம டிவி சாதாரண சிக்னல்லயே 300, 400 குடுக்குதுன்னா, பகல்ல எச்டிஆர் அதைவிட மங்கலா தெரியறதுல ஆச்சரியம் இல்ல.

இதுக்கு என்னோட தீர்ப்பு கொஞ்சம் பேருக்குப் பிடிக்காது. பகல்ல எச்டிஆரை ஸ்ட்ரீமிங் பாக்ஸ் செட்டிங்ஸ்லயே ஆஃப் பண்ணிட்டு சாதாரண சிக்னல்ல பாக்கறதுதான் நல்லா இருக்கு. காசு குடுத்து வாங்கின எச்டிஆரை அணைக்கறதான்னு மனசு கேக்காதவங்க, எச்டிஆர் வெளிச்சத்தை சீனுக்கு ஏத்த மாதிரி டிவியே சரி பண்ற Dynamic Tone Mapping மாதிரி ஏதாவது இருந்தா ஆன் பண்ணுங்க, எச்டிஆர்லயே ஒரு வகையான டால்பி விஷன்ல ரெண்டு மோட் இருந்தா Bright பேர் போட்டதை எடுங்க, ஓரளவுக்கு ஏறும்.

ஓஎல்இடி வெச்சிருக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. முழு வெள்ளை ஸ்க்ரீன் வந்தா ஓஎல்இடி தானாவே வெளிச்சத்தை இறக்கிக்கும், அதனால பனி மலை, வெள்ளைப் பின்னணி வர்ற சீன்ல நீங்க ஏத்தி வெச்ச நம்பருக்கு ஏத்த வெளிச்சம் வராது, அது கோளாறு இல்ல. சுத்தக் கறுப்புங்கற அதோட பெருமையும் பகல்ல செல்லாது, மேல 3 நிட்ஸ் வந்து உக்காந்தப்புறம் உள்ள பூஜ்யமா இருந்தா என்ன, 0.05 இருந்தா என்ன. ஓஎல்இடியில முழு வெளிச்சத்துல சேனல் லோகோ நாள் முழுக்க நிக்கற நியூஸ் மட்டும் வேண்டாம், நாளாக நாளாக தடம் விழ வாய்ப்பிருக்கு.

வெளிச்சத்தைப் பாத்து தானா மாத்தற சென்சார் இருக்கே, அதை ஏன் நம்பக் கூடாதுன்னு கேப்பீங்க. நான் ஒரு மாசம் வெச்சுப் பாத்தேன். அது டிவிக்கு முன்னாடி இருக்கற வெளிச்சத்தைத்தான் அளக்குது, ஸ்க்ரீன்ல எங்க என்ன விழுதுன்னு அதுக்குத் தெரியாது. மேகம் ஒண்ணு சூரியனை மறைச்சுட்டுப் போனா சீன் நடுவுல படம் மெதுவா இறங்கி ஏறுது, ஒரு தடவை கவனிச்சுட்டா அப்புறம் அதை மட்டும்தான் பாத்துட்டே இருப்போம். அதைவிட ரெண்டு மோடைப் பிரிச்சு வெச்சுக்கறதுதான் சுகம். எங்க வீட்டுல சினிமா மோட் பகலுக்கு, பேக்லைட் ஃபுல், காமா 1.9, கலர் 54, கறுப்பு மட்டம் தொடல, டைனமிக் கான்ட்ராஸ்ட் ஆஃப். ஃபிலிம்மேக்கர் மோட் ராத்திரிக்கு, டிவி குடுத்தபடியே. பல டிவியில ஒவ்வொரு இன்புட்டுக்கும் செட்டிங் தனித்தனியா சேவ் ஆகும், செட்டாப் பாக்ஸ்ல பண்ணிட்டு டிவியோட ஆப்ல ஏன் வரலைன்னு தேடாதீங்க, எல்லா இன்புட்டுக்கும் அப்ளை பண்ற ஆப்ஷன் இருந்தா அதைக் குடுங்க.

பகல் மோடை ராத்திரி அப்படியே விட்டா என்ன ஆகும்னா, நிழலே இல்லாம எல்லா மூஞ்சியும் தட்டையா தெரியும், கண்ணும் கூசும். அப்பாகிட்ட "சாயங்காலம் லைட் போட்டவுடனே இந்த பட்டனை அமுக்கிடுங்கப்பா"ன்னு காட்டிக் குடுத்தேன். "அதெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்காது, நீ வந்து மாத்திக்கோ"ன்னு சொல்லிட்டாரு, அதனால தினமும் ஆறரை மணிக்கு மோட் மாத்தற டியூட்டி எனக்கு.